சுவரில் எழுதாத வட்டி

எங்கள் செட்டின் மேற்குச் சுவரில் பத்துத் தொகைகள் இருக்கின்றன. நான்தான் நீல பெயிண்டில் எழுதினேன். முதல் வருஷம் அறுபத்தேழாயிரத்து ஐநூறு. இரண்டாம் வருஷம் எழுபத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். அப்படியே ஏறிக்கொண்டு போய் பத்தாம் வருஷத்தில் ஒரு லட்சத்து முப்பத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்று. ஒவ்வொரு தொகைக்குப் பக்கத்திலும் ஒரு சிவப்புக் கோடு. அந்தப் பணம் கட்டியாகிவிட்டது என்று அர்த்தம். பத்துக்கும் பத்துக் கோடு விழுந்திருக்கிறது. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசியவள் நான்.

என் பெயர் பஞ்சம்மாள். ஏழாயிரம்பண்ணையில் பேப்பர் குழாய் சுற்றும் பத்துப் பெண்களில் ஒருத்தி. புஸ்வாணத்துக்கும் வானவெடிக்கும் மருந்து அடைக்கிற குழாய்தான். வெறும் குழாய். காகிதம், பசை, மெஷின், அவ்வளவுதான். எங்கள் செட்டில் அடுப்பு பற்றவைத்துக் காப்பி போட்டாலும் யாரும் சாக மாட்டார்கள். அதற்காகத்தான் அந்த மெஷினை வாங்கினோம்.

அதற்கு முன்னால் நாங்கள் பத்துப் பேரும் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற அறையில் வேலை பார்த்தோம். காலை ஆறு மணிக்கு வேன் வரும். ஒரு சித்திரை மாதம் பக்கத்து அறை பற்றிக்கொண்டது. எங்களோடு வேலை பார்த்த அழகுமீனா அந்த அறையில் இருந்தாள். அவளைத் தேடிப் போன அவள் தங்கச்சி முத்துமாரிக்கு இடது கை முழங்கை வரை வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு என்னைப் பார்த்து, "எக்கா, இனி பட்டினி கெடந்து செத்தாலும் மருந்து ரூமுக்குள்ள போக மாட்டேன். நீயும் என்னைப் போகச் சொல்லக் கூடாது" என்றாள். நான் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். எனக்கு வாய் நீளம். சத்தியமும் சட்டென்று வந்துவிடும்.

அழகுமீனா செத்ததற்கு வந்த நஷ்டஈட்டில் ஒரு பங்கு, அரசாங்க மானியம் கொஞ்சம், மீதிக்கு எங்கள் காதிலும் கழுத்திலும் கிடந்தவை. ஆறு லட்சம் சேர்ந்தது. 2015ல் மெஷின் வந்து இறங்கியது. கோயம்புத்தூர்க்காரன் சொல்லிவிட்டுத்தான் போனான்: பத்து வருஷம் ஓடும், அதற்கு மேல் ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம்.

பத்து வருஷம் கழித்து என்ன செய்வது என்று முதலில் கேட்டவள் முத்துமாரி. அவளுக்குத்தானே பயம். நாங்கள் இரண்டு பேரும் சிவகாசியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்த சங்கரலிங்கம் அண்ணாச்சியிடம் போனோம். அவருக்கு எங்கள் ஊர்தான். ஃபீஸ் கேட்க மாட்டார் என்பதும் ஒரு காரணம்.

"ஆறு லட்சத்தைப் பத்தா வகுந்து வருசம் அறுபதாயிரம் போட்டாப் போதும்லா, அண்ணாச்சி?" என்று நான் கேட்டேன். இதைக் கேட்க எதற்கு பஸ் ஏறி வந்தோம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

அவர் சிரித்தார். "பத்து வருசம் களிச்சு எந்தப் பயலாவது ஒனக்கு ஆறு லட்சத்துக்கு மெஷின் தருவானா தாயி? போன அஞ்சு வருசக் கொட்டேஷனைப் பாத்தேன். வருசத்துக்கு எட்டு சதவீதம் ஏறியிருக்கு. ஏறுன விலை மேலயே மறுபடி ஏறும். பத்து வருசத்துல அது பன்னெண்டு லட்சத்துத் தொண்ணூத்தஞ்சாயிரத்துல வந்து நிக்கும்."

"ரெண்டு மடங்குக்கும் மேலயா?" என்றாள் முத்துமாரி.

"ஆமா. நீங்க வருசம் அறுபதாயிரம் பேங்குல போட்டா, ஏளு வட்டியோட சேந்து எட்டு லட்சத்து இருபத்தொம்பதாயிரம்தான் தேறும். ஒரே மாதிரியா கட்டணும்னா வருசம் தொண்ணூத்து மூவாயிரத்து எளுநூத்தம்பது வேணும். இப்ப ஒங்களால முடியாது. அதனால இப்படி வச்சுக்கிடுவோம். மொத வருசம் அறுபத்தேளாயிரத்து ஐநூறு. பெறகு வருசா வருசம் அதையும் எட்டு சதவீதம் ஏத்துங்க. மெஷின் விலை ஏறுற வேகத்துல நீங்களும் ஏறுங்க. சரியா வந்து சேரும்."

ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு எழுதிக் கொடுத்தார். முதல் கட்டத்தில் அந்த வருஷம் கட்ட வேண்டியது, இரண்டாவதில் அதுவரை கட்டியதற்கு வட்டி, மூன்றாவதில் மொத்தம். மூன்றாவது கட்டத்தின் அடியில் பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம். வட்டியோடு சேர்த்துத்தான் என்று அவர் வாயாலும் சொன்னார். என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. ஏறினால்தானே நான் பஞ்சம்மாள்.

சுவரில் எழுதும்போது முதல் கட்டத்தை மட்டும் எழுதினேன். நாம் கட்ட வேண்டியது அதுதானே, மற்றதெல்லாம் பேங்க்காரன் வேலை என்று நினைத்தேன். தாளைப் பத்திரமாக மடித்துப் பீரோவில் வைத்தேன்.

முதல் பணத்தை 2016 மார்ச்சில் கூட்டுறவு பேங்கில் கட்டினோம். கவுண்ட்டரில் இருந்த பிள்ளை, "வட்டியை மொதலோட சேத்துக்கிடவா, இல்ல வருசா வருசம் எடுத்துக்கிடுறீங்களா?" என்று கேட்டது. முத்துமாரி, "சேத்தே போடச் சொல்லுவோம்க்கா" என்றாள்.

நான்தான் குறுக்கே விழுந்தேன். ஒரு வருஷம் தீயில்லாமல் போயிருந்தது. பங்குனிப் பொங்கல் வேறு பத்து நாளில். "மொதலு நம்ம ஒளைச்சது. வட்டி நம்ம ஒளைக்காம வாறது. ஒளைக்காத காசு அம்மனுக்கு. வருசத்துக்கு வருசம் நம்மளத் தீக்குள்ள விடாம வச்சிருக்காள்ல, அவளுக்கு ஒரு கூலி வேண்டாமா?" என்றேன்.

அழகுமீனா செத்த இடத்திலிருந்து வந்தவள் முத்துமாரி. அம்மன் பெயரைச் சொன்ன பிறகு அவள் என்ன எதிர்த்துப் பேசுவாள்? ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டாள். வெந்த கையால் தாளைச் சரியாகப் பிடிக்க முடியாததால் எழுத்து கோணலாக விழுந்தது. எடுத்துக்கொள்கிறோம் என்ற இடத்தில் நான் டிக் அடித்தேன்.

அடுத்த வருஷம் வட்டி நாலாயிரத்து எழுநூற்று இருபத்தைந்து. பொங்கலுக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கிக் கொடுத்தோம். அதற்கடுத்த வருஷம் ஒன்பதாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். கோயிலுக்கு ட்யூப் லைட் போட்டு, வெளிச்சம் மறைக்கிற அளவுக்கு அதன் மேல் எங்கள் குழுப் பெயரை எழுதினோம். முதல் ஏற ஏற வட்டியும் ஏறியது. பிறகு மணி, குத்துவிளக்கு, வெள்ளிக் கொலுசு. மேளக்காரன் எங்கள் பத்துப் பேரையும் முன்னால் நிறுத்தி அடித்தான். மருந்து ரூமில் வேலை பார்த்த காலத்தில் எங்களைக் கோயில் வாசலில்கூட யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த மேளம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கட்டிய முதலில் ஒரு பைசா தொடவில்லை. அதை நான் தொட விட்டதில்லை. கொரோனா வந்த அடுத்த வருஷம் ஆர்டர் இல்லை, லோடு இல்லை. ஆறாவது வருஷத்துக்குத் தொண்ணூற்று ஒன்பதாயிரத்து நூற்று எண்பது கட்ட வேண்டும். மாரிசெல்வி என்று ஒரு பிள்ளை எங்களில் சின்னவள். "இந்த வருசம் பாதி போடுவோம்க்கா. வீட்டுல மகளிர் குளுக் கடன் தவணை நிக்கி. வாரா வாரம் வாசல்ல வந்து உக்காந்துகிடுதான்" என்று அழுதாள்.

"தவணையை நிப்பாட்டு. மெஷின் பணத்தை நிப்பாட்டாதே. கடன்காரன் என்ன செய்வான்? கத்துவான். மெஷின் நின்னா எங்க போவ? மருந்து ரூமுக்குப் போறியா?" என்று நான் கத்தினேன். மருந்து ரூம் என்று சொன்னால் எங்கள் செட்டில் எல்லா வாயும் அடைத்துவிடும். எட்டுப் பேர் தங்கள் குழுக் கடன் தவணையைத் தவறவிட்டார்கள். மெஷின் பணம் முழுதாகப் போனது. நான் சுவரில் சிவப்புக் கோடு போட்டேன்.

போன மாசி மாதம் மெஷின் நின்றது. மெக்கானிக் பால்பாண்டி மூன்று நாள் அதற்கு அடியில் படுத்துக் கிடந்துவிட்டு எழுந்து வந்தார். "ஷாப்ட்டே போச்சுக்கா. இந்த மாடலுக்கு இப்ப சாமான் வாறதில்ல. பத்து வருசம் ஓட்டிட்டீகள்ல, விடுங்க" என்றார்.

எனக்கு ஒரு பதற்றமும் இல்லை. சொல்லப்போனால் சந்தோஷம்தான். மற்ற செட்காரர்கள் மெஷின் போனால் தலையில் கை வைத்து உட்காருவார்கள். நாங்கள் பத்து வருஷமாக இந்த நாளுக்குத் தயாராக இருக்கிறோமே. பத்தாவது பணத்தையும் மார்ச்சில் கட்டி, எல்லா டெபாசிட்டும் முதிர்ந்து வர, கோயம்புத்தூரிலிருந்து கொட்டேஷனும் வந்தது. வரி உட்பட பன்னிரண்டு லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரம். சங்கரலிங்கம் அண்ணாச்சி பத்து வருஷத்துக்கு முன்னால் சொன்ன அதே விலை. நான் முத்துமாரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் புதுச்சேலை கட்டிக்கொண்டு பேங்குக்குப் போனோம்.

கவுண்ட்டரில் தாள் வந்தது. ஒன்பது லட்சத்து எழுபத்தேழாயிரத்து எண்ணூற்று நாற்பத்து நாலு.

"மிச்சம்?" என்று கேட்டேன்.

"அம்புட்டுத்தான்மா. நீங்க கட்டுன மொதல் பூராவும் இருக்கு, ஒரு பைசா குறையல" என்றார் அந்தப் பேங்க்காரர்.

நேரே ஆடிட்டர் ஆபீசுக்குப் போனோம். சங்கரலிங்கம் அண்ணாச்சிக்குத் தலை நரைத்திருந்தது. பாஸ்புக்கைப் புரட்டினார். வருஷா வருஷம் மார்ச்சில் வட்டி வரவு, அதே வாரம் பணம் எடுப்பு. விரலை அந்த வரியில் வைத்தவர் எடுக்கவே இல்லை.

"வட்டியை எடுத்தீகளா?"

"மொதல்ல கை வைக்கலையே அண்ணாச்சி" என்றேன்.

"அதான் தாயி தப்பு." அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார். "மெஷின் விலை வருசா வருசம் தானாக் குட்டி போட்டுட்டுப் போவுது. அதைப் பிடிக்கணும்னா ஒங்க பணமும் குட்டி போடணும். ஒவ்வொரு வருசமும் அந்தக் குட்டியைத் தூக்கிக் கொடுத்துட்டு, தாயை மட்டும் வச்சிருந்தீக. எடுத்த வட்டி ரெண்டு லட்சத்து அறுபத்தஞ்சாயிரம். அதுக்கு வந்திருக்க வேண்டிய வட்டி இன்னொரு அம்பத்திரெண்டாயிரம். குறையுறது மூணு லட்சத்துப் பதினேளாயிரம். அம்புட்டும் அதேதான், வேற ஒண்ணுமில்ல."

முத்துமாரி என்னைப் பார்க்கவில்லை. மேசை மேலிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வருசம் பொறுத்தா சேந்துருமா அண்ணாச்சி? இந்தத் தடவ வட்டியைத் தொட மாட்டோம்" என்று அவள் கேட்டாள்.

அவர் கால்குலேட்டரைத் தட்டினார். தட்டிவிட்டு எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். "ஒம்பதே முக்காலுச் சொச்சம் ஒரு வருசத்துல பத்து லட்சத்து நாப்பத்தாறாயிரம் ஆகும். அதுக்குள்ள மெஷின் கிட்டத்தட்ட பதினாலு லட்சம் ஆயிரும். இப்ப மூணு லட்சத்துப் பதினேளு குறையுதுல்ல, அப்ப மூணு லட்சத்து அம்பத்து மூணு குறையும். வேலையும் இல்லாம ஒக்காந்திருக்கணும். பொறுக்கப் பொறுக்கத் தூரம்தான் தாயி."

பேங்கில் கடன் கேட்டோம். மேனேஜர் நல்ல மனுஷன், எங்களை உட்காரவைத்துத்தான் பேசினார். பத்துப் பேர் ஆதாரையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். எட்டுப் பேர் பெயரில் கொரோனா வருஷத்துத் தவணை பாக்கி சிவப்பாக நின்றது. "இதை வச்சுக்கிட்டு மேல அனுப்புனா அங்கன தள்ளிருவாங்க" என்றார். அந்தத் தவணையை நிறுத்தச் சொன்னதும் நான்தான். கந்துவட்டிக்கு வாங்கலாம் என்று மாரிசெல்வி சொன்னாள். மாதம் நூற்றுக்கு ஐந்து ரூபாய் வட்டி என்றால் மூன்று லட்சத்துக்கு மாதம் பதினையாயிரம். குழாய் சுற்றி எங்களுக்கு மிஞ்சுவதே அவ்வளவு இல்லை. பால்பாண்டி பழைய மெஷின் ஒன்று பார்த்துச் சொன்னார். அதுவும் எங்கள் மெஷின் மாடல்தான், அதற்கும் சாமான் கிடைக்காது.

கடைசியாக நான் வெட்கத்தை விட்டுக் கோயில் நிர்வாகி சங்கையாவிடம் போனேன். அந்த வருஷ வட்டி ஐம்பத்தொன்பதாயிரத்தை அம்மனுக்கு வெள்ளிக் கிரீடம் செய்ய முன்பணமாகக் கொடுத்திருந்தோம். "அதையாவது திருப்பித் தாங்களேன் மாமா, மத்ததைப் பெறகு பாத்துக்கிடுதோம்" என்றேன்.

"ஆசாரி உருக்கிட்டான் தாயி. அம்மன் தலைக்குன்னு உருக்குனதை நான் எங்கன இருந்து எடுத்துத் தர?" என்றார். அவர் மேல் தப்பு இல்லை. என் கை கொடுத்ததுதானே.

பங்குனிப் பொங்கல் வந்தது. கிரீடம் வைத்து அம்மனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேளக்காரன் எங்களை முன்னால் வரச் சொன்னான். யாரும் போகவில்லை. நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று அம்மனைப் பார்த்தேன். கோபம் வந்தது. அவளா கேட்டாள்? ஒரு மூட்டை அரிசியோடு அவள் பேசாமல்தான் இருந்தாள். ட்யூப் லைட்டில் பெயர் போடச் சொன்னது யார்?

சித்திரையில் சிவகாசி ஆர்டர்க்காரர் வேறு செட்டுக்குக் குழாய் ஆர்டரைக் கொடுத்துவிட்டார். சீசன் தொடங்கும்போது அவர் எங்களுக்காக எவ்வளவு நாள் பொறுப்பார்? செட் வாடகையும் ஏறிக்கொண்டிருந்தது. பணத்தைப் பிரித்துக்கொள்வது என்று முடிவானது. ஆளுக்குத் தொண்ணூற்றேழாயிரத்து எழுநூற்று எண்பத்து நாலு வந்தது. கூப்பிட்டு வைத்து ஒவ்வொருத்தி கையிலும் நான்தான் எண்ணிக் கொடுத்தேன். மாரிசெல்வி வாங்கி அப்படியே கடன்காரனிடம் கொடுத்தாள். முத்துமாரி வாங்கிக்கொண்டு, "அக்கா சாவுக்கு வந்த பணத்தை மெஷினுக்குக் கொடுத்தேன். திரும்பி வந்திருச்சு. பெரிய விசயம்தான்" என்றாள். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். அது எனக்கு இன்னும் வலித்தது.

முதலில் அவள் கட்டட வேலைக்குப் போனாள். வெந்த கை மடங்காது, சட்டி தூக்க முடியவில்லை. மேஸ்திரி நாலாம் நாள் நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் வேப்பமுத்துப் பொறுக்கினாள். பையன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"எக்கா, வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனில ஆள் எடுக்காகளாம். குளாய் சுத்துற எடத்துல ஆளு இருக்காம். மருந்து அடைக்கத்தான் வேணுமாம்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நீ போகச் சொல்லலக்கா. நானாத்தான் போறேன். ஒஞ் சத்தியம் ஒண்ணும் கெடல."

நானும் போகாமல் எப்படி இருப்பேன்? மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே முக்கில் வேன் வந்தது. வண்டி வேறு, டிரைவர் வேறு. எங்கள் செட்டைத் தாண்டித்தான் போனது. செட் சொந்தக்காரர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வேறு ஆளுக்கு விட்டிருந்தார். ஒரே பூச்சாக அடித்ததால் நீலத் தொகைகள் பத்தும் அடியில் மங்கலாகத் தெரிந்தன. சிவப்புக் கோடு மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

கம்பெனியில் எங்களை ஒரு அறையில் உட்காரவைத்தார்கள். நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்தார்கள். அதுவரைக்கும் நல்லதுதான். போர்மேன் ஒரு மூட்டையை அவிழ்த்துக் குழாய்களைக் கொட்டினார். முத்துமாரி ஒன்றை எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். ஓரத்தில் பசை சற்று மேலேறி, காகிதம் லேசாகக் கிழிந்திருந்தது. ஷாப்ட் ஆட ஆரம்பித்த கடைசி மாதத்தில் எங்கள் மெஷின் அப்படித்தான் சுற்றியது.

"நம்ம குளாய்க்கா" என்றாள்.

போர்மேன் எனக்கு எவ்வளவு மருந்து, குச்சியால் எத்தனை தட்டு என்று சொல்லிக் காட்டினார். பத்து வருஷத்தில் எனக்கு மறந்துபோயிருந்தது. பிறகு முத்துமாரி பக்கம் திரும்பினார்.

அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மடங்காத இடது கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அளவாக மருந்தை எடுத்து, அவள் அடைக்க ஆரம்பித்திருந்தாள்.